திருட்டு, புனைவு, திரிப்பு: புதிய ஆய்வாளர் அறிய வேண்டிய வேறுபாடு

பணியில் இருந்துகொண்டே எம்.எட்., பிஎச்.டி. படிக்கும் ஆசிரியர்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்கு எத்தனை சதவீதம் வந்தது?" ஆய்வேட்டின் வாசகங்கள் ஏற்கெனவே வெளிவந்த நூல்களோடும் கட்டுரைகளோடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் காட்டும் விழுக்காட்டைத்தான் இப்படிக் கேட்கிறார்கள். அது பத்துக்குள் இருந்துவிட்டால் நேர்மைச் சோதனையில் தேறிவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர்.

ஆனால் அந்த மென்பொருள் ஆய்வேட்டில் உள்ள எண்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முந்நூறு பேரிடம் திரட்டியதாகச் சொல்லும் தரவு உண்மையில் நூற்றெண்பது பேரிடம் மட்டுமே திரட்டப்பட்டிருக்கலாம். மிச்சம் நூற்றிருபது படிவங்களை ஆய்வாளரே வீட்டில் அமர்ந்து நிரப்பியிருக்கலாம். அப்படிப்பட்ட ஆய்வேட்டுக்கும் ஒப்புமை இரண்டு விழுக்காடு என்று வரலாம். ஆய்வில் நேரும் நேர்மைக்கேடுகள் மூன்று வகை. மென்பொருள் தொடுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே, அதிலும் ஒரு பகுதியை மட்டுமே.

மூன்றையும் பிரித்தறிதல்

அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு முறைகேடு குறித்த கொள்கை, இம்மூன்றையும் தனித்தனியே வரையறுத்தது. இன்று பல நாடுகளில் ஆய்வு ஒழுக்கம் கற்பிக்கும்போது இந்தப் பகுப்பே பயன்படுகிறது. அதை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்.

தரவுப் புனைவு என்பது இல்லாத தரவை உண்டாக்கி, இருந்ததாகப் பதிவுசெய்வது. தரவுத் திரிப்பு என்பது கிடைத்த தரவை மாற்றியோ, அதில் ஒரு பகுதியை விட்டுவிட்டோ, கருவியையும் செயல்முறையையும் வளைத்தோ, நடந்தது வேறு பதிவு வேறு என்று ஆக்குவது. கருத்துத் திருட்டு என்பது பிறருடைய சொல்லை, கருத்தை, வழிமுறையை, முடிவை உரியவர் பெயரைச் சொல்லாமல் தனதாகக் காட்டுவது.

மேல்நிலை இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை செய்யும் மூன்று மாணவர்களை நினைத்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் புரியும். ஊசலின் நீளம் 100 செ.மீ. ஒரு மாணவர் 20 அலைவுகளுக்கான நேரத்தை அளக்கிறார். 39 விநாடி வருகிறது. கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 10.4 ஆகிறது. புத்தகத்தில் 9.8 என்று இருப்பதால் 39ஐ அடித்துவிட்டு 40.1 என்று எழுதுகிறார். இது திரிப்பு. இரண்டாம் மாணவர் ஊசலைத் தொடவே இல்லை, 9.8 வரவேண்டுமானால் நேரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்புகிறார். இது புனைவு. மூன்றாம் மாணவர் பக்கத்து மேசையில் ஒருவர் உண்மையாகவே அளந்த எண்களைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். இது திருட்டு. மூவரின் பதிவேடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மூன்றாமவரின் எண்கள் மெய்யானவை, உரிமைதான் பொய். முதலிருவரின் எண்களே பொய்.

இதிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. இந்தத் தரவு உண்மையில் திரட்டப்பட்டதா? திரட்டியதும் எழுதியதும் ஒன்றா? இது யாருடையது? முதல் கேள்வி புனைவையும், இரண்டாவது திரிப்பையும், மூன்றாவது திருட்டையும் சோதிக்கிறது. அடுத்து வருவனவற்றை இந்த வரிசையில் அல்லாமல், ஆய்வாளர் அறியாமலே சறுக்கக்கூடிய திரிப்பிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

இரண்டு மாணவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கற்பனையாக ஒரு சிறு வகுப்பறை ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கிய பத்து மாணவர்களுக்கு ஆறு வாரம் சொல் அட்டைகளைக் கொண்டு ஓர் ஆசிரியர் பயிற்சி அளிக்கிறார். தொடக்கத்தில் 20 மதிப்பெண்ணுக்கு முன்தேர்வும், முடிவில் அதே அளவுக்குப் பின்தேர்வும் வைக்கிறார். கிடைத்த மதிப்பெண்கள் இவை:

| மாணவர் | முன்தேர்வு | பின்தேர்வு | வேறுபாடு |
|---|---|---|---|
| 1 | 8 | 10 | +2 |
| 2 | 11 | 12 | +1 |
| 3 | 6 | 6 | 0 |
| 4 | 14 | 16 | +2 |
| 5 | 9 | 12 | +3 |
| 6 | 12 | 11 | −1 |
| 7 | 7 | 9 | +2 |
| 8 | 10 | 12 | +2 |
| 9 | 13 | 10 | −3 |
| 10 | 10 | 13 | +3 |

முன்தேர்வின் சராசரி 10.0; பின்தேர்வின் சராசரி 11.1. உயர்வு 1.1 மதிப்பெண். இந்த உயர்வு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க, ஒரே மாணவரின் இரு மதிப்பெண்களை இணைத்து ஒப்பிடும் டி-சோதனையைச் செய்தால் டி மதிப்பு 1.82 வருகிறது. பத்து மாணவர்களுக்கு 0.05 நிலையில் தேவைப்படும் அட்டவணை மதிப்பு 2.26. நம் மதிப்பு அதைவிடக் குறைவு. ஆகவே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆறு வாரம் உழைத்த ஆசிரியருக்கு இது ஏமாற்றம்தான்.

இப்போது அவர் கண் ஆறாம் மாணவர் மீதும் ஒன்பதாம் மாணவர் மீதும் போகிறது. இருவருமே மதிப்பெண் குறைந்தவர்கள். "இவர்கள் சரியாக ஈடுபடவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருவரையும் நீக்கிவிட்டு, எட்டு மாணவர்களிடம் ஆய்வு நடந்ததாக எழுதுகிறார். இப்போது முன்தேர்வுச் சராசரி 9.375, பின்தேர்வுச் சராசரி 11.25, உயர்வு 1.875. டி மதிப்பு 5.35 ஆகிவிடுகிறது. எட்டுப் பேருக்குத் தேவையானது 2.37 மட்டுமே. "சொல் அட்டைப் பயிற்சி மிகுந்த பயன் தருகிறது" என்று ஆய்வேடு முடிகிறது.

இங்கே ஓர் எண்கூட மாற்றப்படவில்லை. ஒரு பொய் எண்கூடச் சேர்க்கப்படவில்லை. எழுதப்பட்ட பதினாறு மதிப்பெண்களும் உண்மையானவை. ஆனாலும் இது திரிப்பே. முடிவைப் பார்த்த பிறகு, முடிவுக்கு ஒத்துவராதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கியதும், நீக்கியதைச் சொல்லாமல் விட்டதும் இதைத் திரிப்பாக்குகின்றன. புதிய ஆய்வாளர்கள் பலர், எண்ணை மாற்றினால்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள். வரையறையில் "விட்டுவிடுதல்" என்பதும் சேர்ந்தே இருக்கிறது.

அப்படியானால் எந்த மாணவரையும் நீக்கவே கூடாதா? நீக்கலாம். ஒன்பதாம் மாணவர் பின்தேர்வன்று காய்ச்சலோடு வந்து எழுதினார் என்றும், அது வருகைப் பதிவேட்டிலும் ஆசிரியரின் நாட்குறிப்பிலும் அன்றே குறிக்கப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவரை மட்டும் நீக்கினால் ஒன்பது பேரின் சராசரி உயர்வு 1.56, டி மதிப்பு 3.50. இது தேவையான 2.31ஐவிட அதிகம். நேர்மையான ஆய்வாளர் இரண்டு கணக்கையும் எழுதுவார்: பத்துப் பேரையும் சேர்த்தால் வேறுபாடு உறுதிப்படவில்லை, காய்ச்சலோடு எழுதிய ஒருவரை நீக்கினால் உறுதிப்படுகிறது, ஆகவே ஒரே மாணவரைப் பொறுத்து முடிவு மாறும் அளவுக்கு இந்த மாதிரி சிறியது, பெரிய குழுவில் மீண்டும் செய்து பார்க்கவேண்டும். இப்படி எழுதப்பட்ட ஆய்வு தோற்றுப்போனதல்ல. அடுத்து வருபவருக்கு எங்கே தொடங்கவேண்டும் என்று அது சொல்கிறது.

நீக்குவதற்கான விதியைத் தரவு திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பானது. "பயிற்சி நாள்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்களின் மதிப்பெண் கணக்கில் சேர்க்கப்படாது" என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், அந்த விதி மதிப்பெண் உயர்ந்தவர், குறைந்தவர் இருவரையும் ஒன்றுபோலவே பாதிக்கும். விதி முடிவுக்கு முன்னே வந்ததா, பின்னே வந்ததா என்பதே நியாயமான நீக்கலையும் திரிப்பையும் பிரிக்கும் கோடு.

மாறாத 0.771

புனைவுக்கு நம் துறையிலிருந்தே ஒரு வழக்கு இருக்கிறது. சிரில் பர்ட் (1883–1971) இங்கிலாந்தின் புகழ்பெற்ற கல்வி உளவியலாளர்; தம் துறைப் பணிக்காக 1946இல் சர் பட்டம் பெற்றவர். நுண்ணறிவு பெரும்பாலும் மரபுவழியே வருகிறது என்பது அவர் கொள்கை. அதற்குச் சான்றாக, பிறந்த சிறிது காலத்திலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்களின் நுண்ணறிவு மதிப்பெண்களை ஒப்பிட்டு வெளியிட்டார். இரட்டையர் இருவரின் மதிப்பெண்களும் எந்த அளவு சேர்ந்து செல்கின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு காட்டும்.

1955இல் 21 இணைகளை வைத்து அவர் தந்த கெழு, குழுத் தேர்வில், 0.771. 1958இல் முப்பதுக்கு மேற்பட்ட இணைகள், கெழு 0.771. 1966இல் 53 இணைகள். கெழு மீண்டும் 0.771. ஒன்றாக வளர்ந்த இரட்டையர்களுக்கு அவர் தந்த 0.944 என்ற எண்ணும் மூன்று முறையும் மாறவில்லை.

இதில் என்ன வியப்பு என்பதை நம் வகுப்பறைக் கணக்காலேயே உணரலாம். 21 மாணவர்களின் சராசரி மதிப்பெண் 12.381 என்று வைத்துக்கொள்வோம். பிறகு வேறு 32 மாணவர்களைச் சேர்த்து 53 பேருக்கும் சராசரி எடுத்தால், 12.2 வரலாம், 12.6 வரலாம், மூன்றாம் தசம இடம்வரை அதே 12.381 வருவது அரிது. அது இரண்டு கட்டங்களிலும் நிகழ்ந்தது என்றால், அதே நேரத்தில் இன்னொரு குழுவிலும் நிகழ்ந்தது என்றால், புதிய தரவு உண்மையிலேயே சேர்க்கப்பட்டதா என்ற ஐயம் எழும். அமெரிக்க உளவியலாளர் லியோன் காமின் 1970களின் தொடக்கத்தில் பர்ட்டின் கட்டுரைகளைப் படித்தபோது இந்த ஐயத்தைத்தான் எழுப்பினார். 1976இல் ஆலிவர் கில்லி என்ற பத்திரிகையாளர் சண்டே டைம்ஸ் இதழில், பர்ட்டின் துணை ஆய்வாளர்களாகக் குறிப்பிடப்பட்ட மார்கரெட் ஹோவர்ட், கான்வே என்ற இருவரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார்.

பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏற்றவர் லெஸ்லி ஹெர்ன்ஷா. பர்ட்டின் மீது மதிப்புக் கொண்டவர். அவருடைய நினைவுக் கூட்டத்தில் உரையாற்றியவர். பர்ட்டின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படித்துப் பார்த்த அவரே, 1979இல் வெளியிட்ட நூலில், பிற்கால இரட்டையர் தரவு புனையப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் வழக்கு அத்துடன் முடியவில்லை. 1989இல் ராபர்ட் ஜாய்ன்சனும், 1991இல் ரொனால்ட் ஃப்ளெட்சரும் பர்ட் கவனக்குறைவாக இருந்திருக்கலாம், மோசடி செய்ததாக நிறுவப்படவில்லை என்று நூல்கள் எழுதினர். பழைய எண்ணையே அவர் மீண்டும் எடுத்து அச்சிட்டிருக்கலாம் என்பது போன்ற விளக்கங்களும் சொல்லப்பட்டன.

இன்றுவரை இருதரப்பும் முழுதாக ஒத்துப்போகாததற்குக் காரணம் எளியது. மூலத் தரவு இல்லை. பர்ட் இறந்தபின் அவர் வீட்டிலிருந்த தாள்களில் பல எரிக்கப்பட்டுவிட்டன. 53 இணைகளின் மதிப்பெண் தாள்கள் இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கக்கூடிய கேள்வி இது. அவர் குற்றம் செய்திருந்தால் அதை மெய்ப்பிக்கவும் வழியில்லை. செய்யாதிருந்தால் அவரைக் காக்கவும் வழியில்லை. விடைத்தாளையும் படிவத்தையும் ஏன் பாதுகாக்கவேண்டும் என்று கேட்கும் புதிய ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

புனைந்த படிவம் எப்படித் தெரியும்?

நம் சூழலில் புனைவு பெரும்பாலும் பர்ட்டைப் போலப் பெரிய அளவில் நிகழ்வதில்லை. முந்நூறு வினாநிரல்கள் கொடுக்கப்படும். நூற்றெண்பது திரும்பி வரும். நெறியாளரிடம் சொன்ன எண்ணிக்கையைக் காட்டவேண்டும் என்பதற்காக மிச்சத்தை ஆய்வாளர் நிரப்புவார். உண்மையில் மனிதர்கள் நிரப்பிய படிவங்களில் சில கேள்விகள் விடுபட்டிருக்கும். ஒருவர் எல்லாவற்றுக்கும் "ஒத்துக்கொள்கிறேன்" என்று குறியிட்டிருப்பார். ஒருவர் ஒன்றுக்கொன்று முரணாகப் பதில் சொல்லியிருப்பார். ஒருவர் ஓரத்தில் குறிப்பு எழுதியிருப்பார். ஒருவரே அமர்ந்து நிரப்பிய படிவங்களில் இந்தச் சிதறல் இருக்காது. விடுபட்ட கேள்வி ஒன்றுகூட இல்லாத நூறு படிவங்கள் ஐயத்துக்குரியவை.

எண்களைக் கொண்டே சோதிக்கும் வழி ஒன்றும் உண்டு. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை முறைப்படுத்தி 'கிரிம்' சோதனை என்று பெயரிட்டனர். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு வகுப்பில் 28 மாணவர்கள், அரை மதிப்பெண் இல்லாமல் முழு மதிப்பெண் மட்டுமே வழங்கப்பட்டது, சராசரி 14.23 என்று ஆய்வேடு சொல்கிறது. இருபத்தெட்டுப் பேரின் மொத்தம் ஒரு முழு எண்ணாகத்தான் இருக்கமுடியும். மொத்தம் 398 என்றால் சராசரி 14.21, 399 என்றால் 14.25. இடையில் வேறு முழு எண் இல்லை. ஆகவே 14.23 என்ற சராசரி 28 பேரிடமிருந்து வரவே முடியாது.

ஆனால் இதைக் கண்டவுடன் குற்றஞ்சாட்டிவிடக் கூடாது. இரண்டு மாணவர்கள் அன்று வராமல் 26 பேரே எழுதியிருக்கலாம். தட்டச்சில் 1 என்பது 3 ஆகியிருக்கலாம். இந்தச் சோதனை சொல்வது "இந்த எண் பொருந்தவில்லை, மூலத் தாளைக் காட்டுங்கள்" என்பதை மட்டுமே. நூறு பேருக்கு மேற்பட்ட குழுவில் இரண்டு தசம இடச் சராசரிக்கு இது பயன்படாது. அங்கே எந்தச் சராசரியும் சாத்தியமாகிவிடும். சிறு குழுவை வைத்துச் செய்யும் வகுப்பறை ஆய்வுகளில்தான் இது நன்கு வேலை செய்யும்.

திருட்டும் விழுக்காடும்

இனி மூன்றாவதற்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத குறித்த காலத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்கவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் என்றால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். உரிய முறையில் சான்று காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை போன்றவை இந்தக் கணக்கில் சேராது.

இந்த விழுக்காடு தண்டனையின் அளவை முடிவுசெய்யத்தான் வந்தது. பத்து விழுக்காடு வரை திருடலாம் என்ற அனுமதியாக அதை எடுத்துக்கொள்வதுதான் தவறு. மென்பொருள் ஒப்பிடுவது சொற்களை. கருத்தை அது அறியாது. எடுத்துக்காட்டாக, ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: "வீட்டில் பேசும் மொழியும் பாடநூலின் மொழியும் வேறுபடும்போது, குழந்தை எழுத்தை அறிந்தும் பொருளை அறியாமல் வாசிக்கிறது." ஓர் ஆய்வாளர் இதை, "இல்லத்து மொழியும் புத்தக மொழியும் மாறுபட்டால், மாணவர் எழுத்தைத் தெரிந்தும் அர்த்தம் புரியாமல் படிக்கிறார்" என்று எழுதுகிறார். நூலாசிரியர் பெயர் இல்லை. மென்பொருள் இதைத் தவறவிடலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. தோல் மட்டும் மாறியிருக்கிறது. இது திருட்டு.

ஆங்கில நூலிலிருந்து தமிழுக்கு மாற்றி எழுதுவதும் இப்படித்தான். மொழிபெயர்ப்புக்கு உழைப்பு உண்டு என்பது உண்மை. அந்த உழைப்பு மொழிபெயர்ப்பாளரின் உரிமையைத் தருமே தவிர, கருத்தின் உரிமையைத் தராது. நூலாசிரியர் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் குறித்துவிட்டால் அதே பத்தி நேர்மையான பத்தியாகிவிடும்.

கல்வியியல் ஆய்வேடுகளில் திருட்டு அதிகம் நிகழும் இடம் இரண்டாம் இயலான 'தொடர்புடைய ஆய்வுகள்'. முந்தைய ஆய்வேடு ஒன்றிலிருந்து இருபது ஆய்வுகளின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு, அந்த இருபது பேரின் பெயரையும் துணைநூற்பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பெயர்தான் இருக்கிறதே, இது எப்படித் திருட்டாகும் என்று கேட்கலாம். அந்த இருபது ஆய்வுகளையும் தேடிப் படித்துச் சுருக்கியவர் முந்தைய ஆய்வாளர். அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் ஓரிடத்தில் ஆண்டைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறும் அப்படியே வந்துசேரும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் இதைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். மூல ஆய்வு கிடைக்காவிட்டால், இன்னாருடைய ஆய்வேட்டில் எடுத்தாளப்பட்டபடி என்று வெளிப்படையாகக் குறிப்பதே முறை.

வினாநிரலுக்கும் இது பொருந்தும். ஒருவர் உருவாக்கி, முன்னோட்டம் பார்த்து, நம்பகத்தன்மையைக் கணக்கிட்ட கருவியை எடுத்து, நான்கு கேள்விகளை மாற்றி, "ஆய்வாளரால் தயாரிக்கப்பட்டது" என்று எழுதுவது திருட்டு. அவருடைய நம்பகத்தன்மை எண்ணையும் அப்படியே எழுதினால், தன் மாதிரியில் செய்யாத கணக்கைச் செய்ததாகக் காட்டுவதால் அது புனைவும் ஆகிறது. மூன்று வகைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்களும் உண்டு என்பதற்கு இது சான்று.

பிழையும் முறைகேடும்

இவ்வளவும் படித்த புதிய ஆய்வாளர், மதிப்பெண்ணை உள்ளிடும்போது 16ஐ 61 என்று தட்டிவிட்டால் தானும் குற்றவாளியோ என்று அஞ்சத் தேவையில்லை. முன்பு சொன்ன வரையறையிலேயே, நேர்மையாக நிகழ்ந்த பிழையும் கருத்து வேறுபாடும் முறைகேடு ஆகா என்று தெளிவாக உள்ளது. தெரிந்தோ, வேண்டுமென்றோ, விளைவைப் பற்றிக் கவலைப்படாமலோ செய்ததுதான் முறைகேடு. பிழை தெரியவந்ததும் திருத்திவிட்டால் அது பிழையாகவே முடியும். தெரிந்தபின்னும் முடிவு சாதகமாக இருக்கிறது என்று விட்டுவைத்தால் அது திரிப்பாக மாறும்.

ஒன்று பிழையா முறைகேடா என்று பிறர் அறிய ஒரே வழி மூலப் பதிவுகள்தான். ஆகவே ஆய்வாளர் வைத்திருக்கவேண்டியவை சிலவே. மாணவர்களின் விடைத்தாள்களும் நிரப்பிய படிவங்களும், அவர்களின் பெயர் வெளியே தெரியாதபடி எண்ணிட்டு ஒரு கட்டாக இருக்கவேண்டும். எந்தப் பள்ளிக்கு எந்த நாளில் போனோம், எத்தனை கொடுத்தோம், எத்தனை திரும்பியது என்ற குறிப்பேடு அன்றன்றே எழுதப்படவேண்டும். கணினியில் முதலில் உள்ளிட்ட கோப்பைத் தொடாமல் வைத்து, நீக்கலையும் திருத்தத்தையும் நகலில் மட்டும் செய்யவேண்டும். எந்த வரிசை நீக்கப்பட்டது, ஏன் என்று அந்த நகலிலேயே ஒரு வரி எழுதவேண்டும். முந்நூறுக்கு நூற்றெண்பது படிவங்கள்தான் வந்தன என்றால், மூன்றாம் இயலில் நூற்றெண்பது என்றே எழுதி, வராத நூற்றிருபதால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கக்கூடும் என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். தேர்வாளர் அந்த ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பமாட்டார். அந்தப் பத்தியிலிருந்தே தன் முதல் கேள்வியைக் கேட்பார்.